பதின்மூன்று எண்டு சொன்ன விடைத்தாள்

அக்காவின் மகன் வரும் ஆண்டு புலமைப்பரிசில் எழுதப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மாதிரி வினாத்தாளோடு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். முகம் சரியில்லை. ஒரே ஒரு கேள்விக்கு சிவப்புப் பேனையால் பெரிய பிழை போட்டிருந்தது.

"மாமா, இது உண்மையாவே பிழையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

சதுரமுகிகளை அடுக்கிய ஒரு குவியல். குவியலின் படம் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு தோற்றங்கள் மட்டும் வரைந்திருந்தார்கள். ஒன்று முன்னால் நின்று பார்த்தால் தெரிவது, மற்றது நேர் மேலேயிருந்து பார்த்தால் தெரிவது. முன் தோற்றத்தில் மூன்று நிரல்கள். இடப்பக்கம் இரண்டு சதுரம் உயரம், நடுவில் மூன்று, வலப்பக்கம் ஒன்று. மேல் தோற்றத்தில் ஆறு சதுரங்கள். பின் வரிசையில் மூன்று, நடு வரிசையில் இரண்டு, முன் வரிசையில் ஒன்று, எல்லாம் இடப்பக்கம் ஒட்டியபடி. 'குவியலில் உள்ள சதுரமுகிகள் எத்தனை?' எண்டு கேள்வி. தெரிவுகள் 10, 12, 13. அவன் பத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தான். விடைத்தாளில் பதின்மூன்று.

நான் ஒரு நிமிசம் பார்த்தேன். மேல் தோற்றத்தில் இட நிரலில் மூன்று சதுரம், உயரம் இரண்டு, ஆகவே ஆறு. நடு நிரலில் இரண்டு சதுரம், உயரம் மூன்று, அதுவும் ஆறு. வலப்பக்கம் ஒன்று. கூட்டினால் பதின்மூன்று. "விடைத்தாள் சரி தம்பி" எண்டு சொல்லிவிட்டேன்.

அவன் போகவில்லை. "ஆனா நான் பத்தில கட்டிக் காட்டலாம் மாமா" என்றான்.

பத்து வயதுப் பிள்ளை அப்படிச் சொன்னால் கட்டிக் காட்டச் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் சதுரமுகி எங்கே? கடைசியில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டி ஒன்றை எடுத்து, கத்தியால் சின்னச் சின்னக் குற்றிகளாக வெட்டினோம். விளிம்பு எல்லாம் கோணல், கை வழுக்கியது, பிறகு அக்காவிடம் வாங்கிய பேச்சு வேறு கதை. பதின்மூன்று குற்றி தேறியது.

அவன் வினாத்தாளின் மேல் தோற்றத்தை நிலத்தில் சோக்கால் பெரிதாகக் கீறினான். ஆறு கட்டத்திலும் ஒவ்வொரு குற்றி வைத்தான். நடு நிரலின் பின் கட்டத்தில் இன்னும் இரண்டை ஏற்றி உயரத்தை மூன்றாக்கினான். அதற்கு முன்னால் உள்ள கட்டத்தில் ஒன்று கூட்டி இரண்டாக்கினான். இட நிரலின் பின் கட்டத்தில் ஒன்று ஏற்றினான். முடிந்தது. மூன்று குற்றி மிச்சமாகக் கையில் இருந்தது.

"இப்ப முன்னுக்கு வந்து குனிஞ்சு பாருங்கோ."

குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு, நடுவில் மூன்று, வலப்பக்கம் ஒன்று. எழும்பி நின்று மேலேயிருந்து பார்த்தேன். ஆறு சதுரம், அதே வடிவம். வினாத்தாளில் இருந்த இரண்டு படமும் அப்படியே. குற்றிகள் பத்து.

நான் விட்ட பிழை எது எண்டு அப்பதான் விளங்கியது. முன் தோற்றத்தில் நடு நிரல் மூன்று உயரம் எண்டால், அந்த நிரலில் உள்ள எல்லா அடுக்கும் மூன்று உயரம் எண்டு நான் எடுத்துக்கொண்டேன். படம் அதைச் சொல்லவே இல்லை. முன்னால் நிற்கிறவருக்கு ஆழம் தெரியாது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கும் அடுக்குகளில் ஆக உயரமானது எதுவோ அதன் உயரம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அது முதலாவதா, கடைசியா, ஒன்றுதானா, எல்லாமா எண்டு தெரியாது. மேலேயிருந்து பார்க்கிறவருக்கு இதற்கு எதிர்மாறு. எந்தெந்தக் கட்டத்தில் அடுக்கு இருக்கிறது எண்டு ஒன்றும் விடாமல் தெரியும். ஆனால் ஒரு குற்றியும் ஒரே சதுரம், மூன்று குற்றியும் ஒரே சதுரம்.

ஆகவே இந்த இரண்டு படத்தையும் சேர்த்து வைத்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மேல் தோற்றத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஒரு குற்றி இருக்கும். முன் தோற்றம் சொல்லும் உயரத்தை அந்த நிரலில் எந்த அடுக்கும் தாண்டாது. குறைந்தது ஓர் அடுக்காவது அந்த உயரத்தைத் தொடும். மற்றதெல்லாம் எங்கள் ஊகம்.

இதைக் குழப்பமில்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. மேல் தோற்றத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த இடத்து உயரத்தை இலக்கமாக எழுதுவது. மருமகன் கட்டியதை அப்படி எழுதினால் இப்படி வரும். மேல் வரி பின் வரிசை, கீழ் வரி எங்களுக்குக் கிட்ட உள்ளது.

```
2 3 1
1 2
1
```

இலக்கங்களைக் கூட்டினால் பத்து. ஒவ்வொரு நிரலிலும் ஆகப் பெரிய இலக்கத்தைப் பாருங்கள்: 2, 3, 1. அதுதான் முன் தோற்றம். விடைத்தாளின் பதின்மூன்று எண்டால் இட நிரல் முழுக்க 2, நடு நிரல் முழுக்க 3 எண்டு நிரப்ப வேண்டும். அதுவும் பிழையில்லை, அதுவும் ஒரு குவியல்தான். ஆகக் குறைய வேண்டுமெண்டால் ஒவ்வொரு நிரலிலும் ஒரே ஒரு அடுக்கை முழு உயரத்துக்கு விட்டு, மற்றதெல்லாவற்றையும் ஒன்றாக்கினால் போதும். இட நிரலில் 2+1+1, நடுவில் 3+1, வலத்தில் 1. மொத்தம் ஒன்பது.

ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை எந்த எண்ணிக்கையிலும் கட்டலாம். அந்த வினாத்தாளில் தந்த மூன்று விடையும் சரி!

எனக்கு விசர் பிடித்துவிட்டது, இரவு இருந்து எத்தனை விதமான குவியல் வரும் எண்டு எண்ணினேன். இட நிரலின் மூன்று கட்டத்திலும் 1 அல்லது 2 எழுதலாம், அது எட்டு விதம். ஒரு 2 ஆவது இருக்க வேண்டும் எண்டபடியால் மூன்றும் 1 ஆக வருவதைக் கழித்தால் ஏழு. நடு நிரலின் இரண்டு கட்டத்திலும் 1, 2, 3 எழுதலாம், அது ஒன்பது விதம். ஒரு 3 கூட வராத நாலைக் கழித்தால் ஐந்து. ஏழை ஐந்தால் பெருக்க முப்பத்தைந்து. அந்த இரண்டு படத்துக்கும் பொருந்துகிற முப்பத்தைந்து வேறு வேறு குவியல்கள் இருக்கின்றன. அவற்றில் பதின்மூன்று குற்றி உள்ளது ஒன்றே ஒன்று. பத்துக் குற்றி உள்ளவை பன்னிரண்டு, வேறெந்த எண்ணிக்கையை விடவும் கூட. மருமகனின் விடைக்குப் பிழை போட்டவர் இதைப் பார்த்தால் என்ன சொல்லுவார் எண்டு யோசித்தேன். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைஞ்சு வீட்டில் செத்தவீடு மாதிரி இருந்த நாட்களை நான் கண்டிருக்கிறேன், அதுதான் இந்தக் கோபம்.

எந்தக் கேள்விக்கு ஒரே விடை வரும், எதற்கு வராது எண்டு கட்டிப் பார்க்காமலே சொல்லலாம். ஒவ்வொரு நிரலாக எடுங்கள். மேல் தோற்றத்தில் அந்த நிரலில் உள்ள கட்டங்களில் ஒன்றைக் குறையுங்கள், முன் தோற்றத்தில் அதன் உயரத்தில் ஒன்றைக் குறையுங்கள், இரண்டையும் பெருக்குங்கள். எங்கள் கேள்வியில் இட நிரலுக்கு 2 × 1 = 2. நடு நிரலுக்கு 1 × 2 = 2. வலத்துக்குப் பூச்சியம். கூட்டினால் நாலு. பதின்மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அதுதான். இந்தக் கூட்டுத்தொகை பூச்சியம் எண்டால் மட்டும்தான் விடை ஒன்று. அதாவது ஒவ்வொரு நிரலும் ஒன்றில் ஒரே கட்டம் ஆழமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே குற்றி உயரமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத கேள்வியில் 'ஆகக் கூடியது எத்தனை', 'ஆகக் குறைந்தது எத்தனை' எண்டு கேட்டால் அது நல்ல கேள்வி. வெறுமனே 'எத்தனை' எண்டு கேட்டால், கேட்டவருக்கே தெரியவில்லை.

"பக்கத்தாலயும் பாத்தா கண்டுபிடிக்கலாம்தானே?" அடுத்த நாள் காலமை மருமகன் கேட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் கட்டிய குவியலைப் பக்கத்தால் பார்த்தால் பின் வரிசை மூன்று, நடு வரிசை இரண்டு, முன் வரிசை ஒன்று. இதையும் சேர்த்தால் என்ன நடக்கிறது எண்டு பார்ப்போம். முன் வரிசையில் ஒரே கட்டம், ஆகவே அது 1. பின் வரிசையில் மூன்று உயரம் வேண்டும், அதற்கு இடம் நடு நிரலில் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே அது 3. வல மூலை 1. மிச்சம் மூன்று கட்டம். அந்த மூன்றிலும் 1 அல்லது 2 தான் வரலாம், அதுவும் நினைத்தபடி இல்லை. நடு வரிசையின் இரண்டு கட்டத்தில் ஒன்றாவது 2 ஆக வேண்டும். இட நிரலில் மீதி இரண்டு கட்டத்தில் ஒன்றாவது 2 ஆக வேண்டும். எழுதிப் பார்த்தால் ஐந்து விதம் தப்புகிறது. ஒன்று ஒன்பது குற்றி, மூன்று பத்துக் குற்றி, ஒன்று பதினொன்று. முப்பத்தைந்து ஐந்தாகக் குறைந்ததே தவிர ஒன்றாகவில்லை. மூன்று பக்கத்தால் பார்த்தும் எத்தனை எண்டு அடித்துச் சொல்ல முடியவில்லை.

பதின்மூன்றைக் கழித்துவிட்டோம் எண்டு அவனுக்குச் சந்தோசம். எனக்கு அந்த இடத்தில் வேறொரு குவியல் ஞாபகம் வந்துவிட்டது.

2013. எங்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்து, அத்திவாரம் போட்டு முடிந்த நேரம். காசு கட்டம் கட்டமாகத்தான் வரும், ஒரு கட்ட வேலையை முடித்தால்தான் அடுத்த கட்டக் காசு. அப்பா சுவருக்கு நானூறு சீமெந்துக் கல்லுக்குச் சொல்லியிருந்தார். கல் அரிகிறவர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து, நாங்கள் பள்ளிக்கூடத்தால் வரமுதலே ஒழுங்கை ஓரத்து மேட்டில் அழகாக அடுக்கிவிட்டிருந்தார். எட்டு வரி உயரம். மேட்டில் நின்றபடியால் அப்பாவின் தலைக்கு மேலே போனது. ஆள் காசுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

அப்பா முன்னால் எண்ணினார். அகலம் பத்து, உயரம் எட்டு. இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தார், எல்லா இடமும் எட்டு. பின்னுக்குக் கிளுவை வேலி, அதுக்குள்ளால் எட்டிப் பார்த்தார், அங்கேயும் எட்டு. பிறகு என்னைப் பார்த்து, "மாமரத்தில ஏறி மேல எத்தினை தெரியுதெண்டு எண்ணு" என்றார். எனக்குப் பதின்மூன்று வயது, மரத்தில் ஏறச் சொன்னால் போதும். குவியலுக்கு நேர் மேலே ஒரு கொப்பு இருந்தது. அதில் படுத்துக்கொண்டு எண்ணினேன். நீட்டுக்குப் பத்து, குறுக்கே ஐந்து. ஐம்பது கல் தெரிந்தது.

"ஐம்பது அப்பா! ஐம்பதை எட்டால பெருக்க நானூறு!"

கணக்குச் சரியாகச் சொல்லிவிட்ட புளுகம் எனக்கு. அப்பா காசை எண்ணிக் கொடுத்தார்.

மேசன் வேலை தொடங்கி வெளி வரிசைக் கல்லை இரண்டு நாள் எடுத்த பிறகுதான் தெரிந்தது. சுற்றிவர உள்ள கல்லெல்லாம் எட்டு வரி. உள்ளே உள்ளவை ஆறு வரி. வெளிச்சுற்றில் இருபத்தாறு அடுக்கு, உள்ளே இருபத்துநாலு அடுக்கு. உள்ளே ஒவ்வொன்றிலும் இரண்டு கல் குறைய, நாற்பத்தெட்டுக் கல். வந்தது முந்நூற்று ஐம்பத்திரண்டு. அப்பா ஆளைத் தேடிப் போனார். "நீங்கள்தானே எண்ணி எடுத்தனீங்கள்" எண்டு பதில் வந்தது. அப்பாவின் இரண்டு நாள் கூலி போனதை விட, குசினியின் ஒரு சுவர் பாதியில் நின்றதுதான் பெரிய பாடு. அடுத்த காசு வரமுதல் மாரி வந்துவிட்டது. அந்தப் பாதிச் சுவருக்கு மேலே தறப்பாள் கட்டி, அம்மா இரண்டு மாதம் அதற்குள் சமைத்தா. காற்றடித்தால் தறப்பாள் வந்து அடுப்பில் அடிக்கும்.

கொப்பில் படுத்திருந்தபோது நடுவில் உள்ள கற்கள் கொஞ்சம் சிறிதாகத் தெரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல மத்தியானம், நிழல் விழாத நேரம். அப்பா கேட்டது எத்தினை எண்டு, நான் சொன்னது எத்தினை எண்டு. நடுவில் ஏதோ பதிவாக இருக்கு எண்டு சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் பத்துக்கு எட்டு, மேலே பத்துக்கு ஐந்து. அந்த இரண்டு தோற்றத்தை மட்டும் வைத்தால் கல் நானூறாகவும் இருக்கலாம், நூற்றிருபதாகவும் இருக்கலாம். நாலு பக்கமும் நிரம்பித்தான் இருக்கிறது எண்டு அப்பா சுற்றிப் பார்த்தபடியால் வெளிச்சுற்றின் இருநூற்றெட்டு நிச்சயம். உள்ளே உள்ள இருபத்துநாலு கட்டத்தைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லாவது இருக்கிறது எண்டது மட்டும்தான். நான் கொப்பிலிருந்து கத்திய நானூறு, மருமகனின் விடைத்தாளில் இருந்த பதின்மூன்று மாதிரித்தான். இருக்கக்கூடிய ஆகப் பெரிய எண்ணை எடுத்து, இருக்கிற எண் எண்டு சொன்னது.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். நிலத்தில் சோக்குக் கட்டம், சவர்க்காரக் குற்றி. "என்னடா இது?" எண்டு கேட்டார். மருமகன் முந்திக்கொண்டு கேள்வி முழுவதையும் விளக்கினான். அப்பா ஒன்றும் பேசாமல் கேட்டார். பிறகு மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, குனிந்து, குவியலின் உயரமான குற்றிக்கு மேலே குறுக்கே படுக்கையாகப் பிடித்தார். ஈர்க்குக்கும் கீழே உள்ள மற்றக் குற்றிகளுக்கும் இடையில் எவ்வளவு வெளி எண்டு ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார்.

"இப்பிடித் தடி வைச்சுப் பாக்கவேணும். இப்ப ஆர் கல்லுப் பறிச்சாலும் நான் முதல்ல ஏணியில ஏறி நீட்டுத் தடி ஒண்டைத்தான் வைக்கிறனான்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். மருமகன் ஈர்க்கை வாங்கி, தானும் ஒருக்கா வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் சோக்கால் இலக்கம் எழுதத் தொடங்கினான்.